pls, asap, thx: அலுவலக உரையாடலில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

ஒரு மாதத்தின் 18-ஆம் தேதி, மாலை 4.40 மணிக்கு, எங்கள் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதமே ஆகியிருந்த ஒரு பெண்ணுக்கு நான் இப்படி ஒரு செய்தி அனுப்பினேன்: "pls பேங்க் ரீகான் ஷீட் அனுப்பவும், asap. thx". எங்கள் கணக்கேட்டை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் அந்த ஷீட், மறுநாள் காலை 11.30 மணிக் கூட்டத்துக்கு எனக்கு வேண்டியிருந்தது. அதை எழுத எனக்குப் பத்து விநாடி ஆகியிருக்கும். அனுப்பிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். அவரிடமிருந்து "சரி சார்" என்று உடனே பதில் வந்தது, இரவு 8.50-க்கு ஷீட்டும் வந்தது. நான் அதைத் திறந்து பார்த்தது மறுநாள் காலை பத்தரை மணிக்கு.

அந்த நேரத்தில் அவர் கையில் இருந்தது ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தின் வேலை. 20-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டிய அந்தப் படிவத்துக்காக, எங்கள் கொள்முதல் பதிவேட்டில் உள்ள பில்களை, விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் கொண்டு 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வந்துவிடும் 2பி பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். என் செய்தியைப் பார்த்ததும் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, மூன்று வங்கிக் கணக்குகளையும் எடுத்து, காசாகாத காசோலைகளையும் வங்கிக் கட்டணங்களையும் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஒப்பிடத் தொடங்கியபோது, விட்ட இடம் எதுவென்பதில் தவறு நேர்ந்து, 2பி-யில் வராத இரண்டு பில்களின் உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கட்டி, நாங்கள் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரி, கணக்கில் சேர்ந்துவிட்டது. தாக்கலுக்கு முன் நடக்கும் சரிபார்ப்பில் அது அகப்பட்டதால் பிழை வெளியே போகவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். "நீங்க asap-னு போட்டிருந்தீங்க சார், அதான் கையில இருந்ததை அப்படியே வச்சிட்டேன். கோபமா இருக்கீங்களோன்னும் நினைச்சேன்" என்றார். எனக்குக் கோபம் சிறிதும் இருந்ததில்லை. ஆனால் அந்த வரியை நானே மறுபடி படித்துப் பார்த்தபோது, அவர் நினைத்ததற்கு இடம் இருக்கிறது என்றே தோன்றியது.

அதன் பிறகு எங்கள் பிரிவில் ஏழு பேரும் உட்கார்ந்து, இந்தச் சுருக்கங்களை என்ன செய்வது என்று பேசினோம். மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன. உரையாடல் செயலி என்பது விரைவாகப் பேசிக்கொள்வதற்கே இருப்பது, ஆகவே இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்பது முதல் வழி. எல்லாச் சுருக்கங்களையும் விட்டுவிட்டு முழுச் சொற்களாகவே எழுதுவோம் என்பது இரண்டாவது. ஒவ்வொரு சுருக்கமும் செய்யும் வேலை வேறு என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடிவெடுப்போம் என்பது மூன்றாவது. நான் முதலில் இரண்டாவது வழியின் பக்கம் இருந்தேன். இப்போது மூன்றாவதுதான் சரி என்று நினைக்கிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தச் சுருக்கங்கள் எதை மிச்சப்படுத்தப் பிறந்தன என்பதிலிருந்து தொடங்கலாம். பொத்தான் கைபேசியில், ஒரே பொத்தானை மூன்று நான்கு முறை அழுத்தி எழுத்தை வரவழைத்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள்: please என்று எழுத 13 முறை அழுத்த வேண்டும், pls என்றால் 8 முறை போதும், thanks என்பதற்கு 12 முறை, thx என்பதற்கு 5 முறை. ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்ற வரம்பும், ஒவ்வொரு செய்திக்கும் தனிக் கட்டணமும் இருந்தன. ஆகவே அன்று சுருக்கி எழுதியவரை யாரும் அசட்டையானவர் என்று எண்ணவில்லை, ஏனென்றால் படிப்பவர் கையிலும் அதே கைபேசிதான் இருந்தது. இன்று மடிக்கணினியில் எழுதும்போது please-க்கும் pls-க்கும் உள்ள வேறுபாடு மூன்று எழுத்து. கைபேசியிலோ இரண்டெழுத்து தட்டுவதற்குள் முழுச் சொல்லும் மேலே வந்து நிற்கிறது. மிச்சமாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பது படிப்பவருக்கும் தெரியும். அந்தச் சிறு முயற்சியைக்கூட இவர் எனக்காகச் செய்யவில்லையே என்ற எண்ணம் எழுவதற்கு இதுவே வாசல்.

இது என் ஊகம் மட்டுமன்று. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் 2024-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, எட்டுச் சோதனைகளில் 5,300-க்கும் மேற்பட்டவர்களிடம் இதையே பார்த்தது. சுருக்கங்கள் நிறைந்த செய்தியை அனுப்பியவர் குறைந்த முயற்சி எடுத்திருக்கிறார் என்றும், அதனால் அவருக்கு உள்ளன்பு குறைவு என்றும் படித்தவர்கள் மதிப்பிட்டார்கள். பதில் எழுதும் ஆர்வமும் குறைந்தது. அந்தச் சோதனைகள் பெரும்பாலும் நண்பர்களிடையிலும் அறிமுகமற்றவர்களிடையிலும் நடந்த உரையாடல்களைப் பற்றியவை என்பதால், மேலதிகாரிக்கும் கீழே பணிபுரிபவருக்கும் இடையிலான பேச்சுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது. அலுவலகத்தில் பதில் எழுதாமல் இருக்க வழியில்லை. பதில் வந்துவிடும், ஆனால் அது "ஓகே" என்ற அளவில் நின்றுவிடும். அனுப்பியவருக்குத் தன் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதும் தெரியாமலே போகும்.

இந்த மூன்றில் asap மட்டும் வேறு இனம். கைபேசி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்க ராணுவ வழக்கில் புழங்கிய சொல் அது. அதன் பிறப்பிலேயே கட்டளையின் வாசனை உண்டு. ஆனால் அதன் உண்மையான சிக்கல் பிறப்பில் இல்லை. pls, thx ஆகியவை எழுத்துகளை மிச்சப்படுத்துகின்றன. Asap மிச்சப்படுத்துவது ஒரு முடிவை. எனக்கு அந்த ஷீட் எப்போது வேண்டும் என்பதை நான் ஒரு கணம் நின்று யோசித்திருந்தால், நாளை காலை 11 மணி என்ற விடை எனக்கே கிடைத்திருக்கும். நான் யோசிக்கவில்லை, அந்த வேலையை asap என்ற நான்கெழுத்தில் கட்டி அவர் மேசையில் வைத்துவிட்டேன். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது, இரவு இருப்பதா வேண்டாமா என்ற முடிவுகளை, என் கூட்டம் எப்போது என்பதே தெரியாத ஒருவர் எடுக்க வேண்டியதாயிற்று.

இச்சொல்லின் பொருள் "முடிந்த அளவு விரைவில்" என்பது. எழுதுபவர் அதில் "முடிந்த அளவு" என்ற பகுதியை மனத்தில் வைத்து எழுதுகிறார். உனக்குத் தோதான நேரத்தில் என்ற இளக்கம் அதற்குள் இருப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. படிப்பவர், அதிலும் பதவியில் கீழே இருப்பவர், "விரைவில்" என்ற பகுதியை மட்டுமே படிக்கிறார். பத்தாண்டு அனுபவமுள்ள ஒருவர் இதே செய்தியைப் பெற்றிருந்தால், "நாளைக்குக் காலைல போதுமா சார், 3பி கையில இருக்கு" என்று கேட்டிருப்பார். ஐந்து மாத அனுபவமுள்ளவருக்கு அப்படிக் கேட்பதே எதிர்த்துப் பேசுவதாகத் தோன்றும். asap பேச்சுவார்த்தைக்கு இடம் விடுவது போல இருந்தாலும், அந்த இடத்தைப் பயன்படுத்த முடிபவர்கள் ஏற்கெனவே நிலையான இடத்தில் இருப்பவர்கள்தான்.

எல்லோரும் எல்லாவற்றுக்கும் அதை எழுதத் தொடங்கிவிட்டால், உண்மையான அவசரத்துக்குச் சொல் இல்லாமல் போகும் என்பது இன்னொரு கேடு. எங்கள் பிரிவில் அது நடந்தே விட்டது. ஒருநாள் asap என்று கேட்டவரிடம் மூத்தவர் ஒருவர், "நிஜ அவசரமா, சும்மா அவசரமா?" என்று திருப்பிக் கேட்டார். யாராவது இப்படிக் கேட்கத் தொடங்கினாலோ, ஒவ்வொரு asap-க்கும் "எப்போ வேணும்?" என்ற கேள்வி பதிலாக வந்தாலோ, அந்தச் சொல் தன் வேலையைச் செய்வதை நிறுத்திவிட்டது என்று பொருள். பெரிய எழுத்தில் ASAP என்று எழுதினால் அவசரம் கூடாது, அதட்டல்தான் கூடும். அதை இலக்கணப்படி பெரிய எழுத்தில் எழுதும் கவனமானவர்கள்கூட இதனால் தம்மை அறியாமலே கடுமையானவர்களாகத் தோற்றமளிக்கிறார்கள்.

pls-இன் கதை இதைவிடச் சிக்கலானது, அதில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழில் மரியாதை தனிச் சொல்லில் இல்லை, வினையின் முடிவில் இருக்கிறது. "அனுப்பு" என்பதற்கும் "அனுப்புங்க" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. "அனுப்பிடுங்க" என்றால் சற்று உரிமை, "அனுப்ப முடியுமா" என்றால் சற்றுத் தயக்கம், "அனுப்புறீங்களா" என்றால் இரண்டுக்கும் நடுவில். இத்தனை படிகள் இருப்பதால்தான் நாம் நேர்ப்பேச்சில் "தயவுசெய்து" என்று சொல்வதே இல்லை. அது அறிவிப்புப் பலகையில் வரும், ஒலிபெருக்கியில் வரும். வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் "தயவுசெஞ்சு" என்று தொடங்கினால், ஒன்று கெஞ்சுகிறார், அல்லது பொறுமை இழந்துவிட்டார். ஆங்கில வினையில் இந்தப் படிகள் எதுவும் இல்லை. எனவே நாம் ஆங்கிலத்தில் எழுதும்போது, கையிலிருந்து நழுவிய "ங்க"-வின் இடத்தை நிரப்ப ஒரு சொல்லைத் தேடுகிறோம். கையில் கிடைப்பது pls. நம்மில் பலர் எழுதும் pls உண்மையில் please-இன் சுருக்கமன்று, "ங்க"-வின் மொழிபெயர்ப்பு. தமிழர் ஒருவர் அதை அந்தப் பொருளிலேயே படித்துக்கொள்வார் என்பதால், நம்மிடையே ஆங்கில வரியில் வரும் pls பெரும்பாலும் உறுத்துவதில்லை.

அது உறுத்தும் இடம் என் செய்தியில் இருந்தது. "அனுப்பவும்" என்பது சுற்றறிக்கையின் வினை. "வரிசையில் வரவும்", "காலணிகளை வெளியே விடவும்" என்று பலகையில் எழுதும்போது அது யாரையும் குறித்துப் பேசுவதில்லை; ஒருவரைப் பெயர் தெரிந்து, முகம் தெரிந்து கேட்கும்போது அதே வினை, எதிரில் இருப்பவரைக் கூட்டத்தில் ஒருவராக ஆக்கிவிடுகிறது. அதற்கு முன்னால் pls போட்டால் கடுமை குறையாது. மரியாதை இருக்க வேண்டிய இடத்தில் வினை வெறுமையாக நிற்பதையே அது சுட்டிக்காட்டும். "பேங்க் ரீகான் ஷீட் அனுப்புங்க" என்று எழுதியிருந்தால் pls-ஏ தேவைப்பட்டிருக்காது. தமிழ் வினையோடு எழுதுவதானால் pls-ஐ விட்டுவிடுங்கள், "ங்க"-வைப் போடுங்கள் என்பதே என் கருத்து.

வெளிநாட்டவரோடு எழுதும்போது கணக்கு மாறுகிறது. பிரித்தானிய, அமெரிக்க அலுவலக மின்னஞ்சல்களை ஒப்பிட்டு 2019-இல் வெளிவந்த மொழியியல் ஆய்வு, வேண்டுகோள்களில் please என்ற சொல்லைப் பிரித்தானியர்கள் அமெரிக்கர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு பயன்படுத்துவதைக் காட்டியது. அமெரிக்கர் காதில் அச்சொல் சில இடங்களில் அவசரத்தையோ அதிகாரத்தையோ ஒலிக்கக்கூடும். அங்குள்ள வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு வரியிலும் pls எழுதி மரியாதையைக் கூட்ட முயல்பவர், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டு நெருக்குபவராகத் தெரியலாம். அங்கே சொல்லை நீட்டுவதாலும் பயனில்லை. வினையைக் கேள்வியாக்கி, "வியாழக்கிழமைக்குள் அனுப்ப இயலுமா" என்ற வடிவில் கேட்பதே நல்லது. pls-ஐ please ஆக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற இரண்டாவது வழி என் மனத்தில் வலுவிழந்தது இந்த இடத்தில்தான். முழுச் சொல்லும் தவறான இடத்தில் கடுமையாகவே ஒலிக்கும்.

thx பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு கோப்பின் பெயரைக் கேட்டு, அது கிடைத்ததும் thx என்று முடிப்பது நல்ல வழக்கம். பேச்சு முடிந்தது என்பதை மூன்றெழுத்தில் சொல்லி, எதிரில் இருப்பவரை அவர் வேலைக்குத் திரும்ப விடுகிறது. அது கசக்கும் இடங்கள் இரண்டு. வேலை நடப்பதற்கு முன்பே, கேட்கும் செய்தியின் இறுதியிலேயே thx வந்தால், அதற்கு நன்றி என்ற பொருள் இல்லை. "இதற்கு மேல் பேச்சில்லை" என்று கதவைச் சாத்துவதாகிறது. என் செய்தியில் அது அப்படித்தான் நின்றது. இரண்டாவது இடம், பெரிய வேலைக்குக் கிடைக்கும் சிறிய thx. இரவு ஒன்பது மணி வரை இருந்து மூன்று வங்கிக் கணக்கையும் முடித்துக் கொடுத்தவருக்கு மூன்றெழுத்தில் நன்றி சொன்னால், அவர் அளந்து பார்க்கத்தான் செய்வார். அங்கே முழுச் சொல் மட்டும் போதாது. எதற்கு நன்றி என்பதும் வேண்டும். "மூணு அக்கவுண்டும் டேலி ஆயிருக்கு, அந்தப் பழைய காசோலையையும் கண்டுபிடிச்சிருக்கீங்க, நன்றி" என்று எழுதினால், அந்த வேலையை நான் திறந்து பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

அதே வேண்டுகோளை நான்கு விதமாக எழுதி, எங்கள் பிரிவில் எல்லோரிடமும் காட்டினேன். முதலாவது என் பழைய செய்தி. இரண்டாவது, அதையே சுருக்கமின்றி விரித்தது: "தயவுசெய்து பேங்க் ரீகான் ஷீட்டைக் கூடிய விரைவில் அனுப்பவும். நன்றி." மூன்றாவது: "பேங்க் ரீகான் ஷீட் அனுப்புங்க, asap." நான்காவது: "நாளை காலை 11 மணிக்குள் பேங்க் ரீகான் ஷீட் வேணும், 11.30-க்குக் கூட்டம் இருக்கு. 3பி வேலை தடைபடும்னா சொல்லுங்க, நான் வேற ஒருத்தர்கிட்ட கேக்குறேன்." ஏழு பேர் சொன்னதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. எல்லாவற்றிலும் கடுமையானது எது என்று கேட்டபோது, நான் எதிர்பார்த்த முதல் வரியை விட்டுவிட்டுப் பலர் இரண்டாவதைக் காட்டினார்கள். "மெமோ மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். நான்காவதில் please-உம் இல்லை, நன்றியும் இல்லை. அதைக் கடுமை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதில் நேரம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, மறுப்பதற்கு வழியும் இருக்கிறது. முழுச் சொற்களைக் கட்டாயமாக்குவதால் மட்டும் இவற்றில் ஒன்றும் வந்து சேர்வதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வழிக்கும் அதற்குரிய நியாயத்தைச் செய்ய வேண்டும். இரண்டு பேர் ஒரே வேலையில் இறங்கி, நிமிடத்துக்கு மூன்று செய்தி வீதம் பேசிக்கொண்டிருக்கும்போது, "அடுத்த பக்கம் pls", "வந்துடுச்சு thx" என்பவை யாரையும் புண்படுத்துவதில்லை. அங்கே முழுவாக்கியம் எழுதினால்தான், என்ன ஆயிற்று இவருக்கு என்று தோன்றும். சுருக்கம் கடுமையாக ஒலிப்பது பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலன்று, தொடங்கும் இடத்தில். காலையின் முதல் செய்தி, மூன்று நாள் பேசாதிருந்த பிறகு வரும் செய்தி, வேலைநேரம் முடிந்த பிறகு வரும் செய்தி, பலர் பார்க்கும் குழுவில் ஒருவர் பெயரைச் சுட்டி எழுதும் செய்தி ஆகிய நான்கிலும், முன்பின் எதுவும் இன்றி அந்த ஒரு வரி மட்டும் திரையில் தனியே நிற்கும். அதே வரி மேலிருந்து கீழே வரும்போது கட்டளையாகவும், கீழிருந்து மேலே போகும்போது அவசரத்தில் எழுதியதாகவும் படிக்கப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் pls என்று எழுதினால் நான் பொருட்படுத்துவதில்லை; அவரோ நான் எழுதியதை இரண்டு முறை படிக்கிறார்.

இவற்றை வைத்து நாங்கள் எடுத்த முடிவு எளிமையானது. asap-ஐ விட்டுவிட்டோம், அதன் இடத்தில் நாளும் மணியும் எழுதுகிறோம், மணி சொல்ல முடியாத வேலைக்கு "இந்த வாரத்துக்குள்" என்றாவது எழுதுகிறோம். உண்மையிலேயே இப்போதே வேண்டும் என்றால், செய்தி அனுப்புவதில்லை. தொலைபேசியில் அழைக்கிறோம், அல்லது எழுந்து மேசைக்குப் போகிறோம். pls, thx இரண்டுக்கும் விதி போடவில்லை. வேண்டுகோளின் இறுதியில் முன்கூட்டி thx போடுவதை மட்டும் நிறுத்திக்கொள்வோம் என்று பேசிக்கொண்டோம், அது பாதி நேரம்தான் நடக்கிறது. பழக்கம் விரலில் இருக்கிறது, நானே இரண்டு முறை அனுப்பிவிட்டுப் பிறகு திருத்தியிருக்கிறேன்.

மணி எழுதுவதிலும் ஒரு குறை உண்டு. முதல் சில வாரங்களில் நான் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கெடு வைத்து எழுதத் தொடங்கினேன். கெடுவுக்கும் உண்மைத் தேவைக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது என்பதை எல்லோரும் விரைவில் கண்டுகொண்டார்கள், 11 மணி என்றால் 11.45 என்று ஆனது. இப்போது கெடுவோடு காரணத்தையும் எழுதுவதால் அது குறைந்திருக்கிறது, ஏனென்றால் 11.30-க்குக் கூட்டம் என்று தெரிந்தவர் 11.45-க்கு அனுப்புவதில்லை. தணிக்கையாளர் அலுவலகத்திலிருந்து asap இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நாம் நிறுத்த முடியாது. அப்படி வரும்போது, "இன்று மாலை 5 மணிக்கு அனுப்பினால் சரியாக இருக்குமா" என்று நாங்களே ஒரு நேரத்தைச் சொல்லிக் கேட்கிறோம், பெரும்பாலும் "நாளைக்குப் போதும்" என்ற பதில் வருகிறது.

அந்தப் பெண் சென்ற மாதம் 19-ஆம் தேதி எனக்கு அனுப்பிய செய்தி இது: "சார், 3பி இன்னிக்கு 4 மணிக்கு முடியும். ரீகான் நாளைக்கு மதியம் தரட்டுமா?" நான் "தாங்க" என்று மட்டும் பதில் எழுதினேன்.